மூக்கு ஈரமா இருந்தா போதும்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பதினோரு வருஷமா உங்க பத்திரிகைக்கு சந்தா கட்டி படிக்கிறவ நான். போன இதழ் செல்லப்பிராணி பக்கத்துல ஒரு வரி: "நாயின் மூக்கு ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் உடல்நலம் குறித்து கவலை வேண்டாம்". அதை படிச்சதுல இருந்து ரெண்டு நாளா மனசு ஆறவே இல்ல. உங்களுக்கு நல்லா தெரிஞ்ச விஷயம்தான் இது, தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காயும், தண்ணி குடிச்ச நாய்க்கு நனையும், உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு மூக்கு சொல்லாது. தெரிஞ்சும் அந்த வரி எப்படி அச்சுக்கு போச்சு?

நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க மணி ரெண்டு நாளா சோறு எடுக்கல. எங்க மாமியார் மூக்கை தொட்டு பாத்துட்டு ஜில்லுன்னு இருக்குடி, ஒண்ணுமில்லன்னாங்க. அக்கம்பக்கத்துல எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. ராத்திரி ஒரு டாக்டருக்கு போன் பண்ணேன். ஜுரம் எவ்வளவு, ஈறு என்ன கலர், பல்ஸ் எவ்வளவுன்னு கேட்டார். எனக்கு மூணுக்கும் பதில் தெரியல. சோர்வா இருக்கான் சார்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது. அப்ப காலைல கூட்டிட்டு வாங்கன்னுட்டார். விடியறதுக்கு முன்னாடியே மணி போயிட்டான், கடைசி வரைக்கும் மூக்கு ஈரமாத்தான் இருந்துச்சு. அந்த டாக்டரை நான் குத்தம் சொல்லல, அவர் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லாம போச்சே, அதைத்தான் இன்னமும் நெனச்சு நெனச்சு அழறேன்.

அதுக்கப்புறம்தான் கத்துக்கிட்டேன். இப்ப இருக்கிற கருப்பனுக்கு மாசத்துல ஒரு நாள், அவன் நல்லா இருக்கும்போதே, ஜுரமும் பல்ஸும் பாத்து தினசரி காலண்டர் தாளுக்கு பின்னாடி எழுதி வெப்பேன். அவன் படுத்திருக்கும்போது பல்ஸ் 84, ஜுரம் 101.4. நாய்க்கு 101ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் சாதாரணம். நம்ம உடம்பு 98.6, அதனால தொட்டா அது எப்பவுமே சூடாத்தான் தெரியும். காதை தொட்டு பாத்து ஜுரம் கண்டுபிடிக்கலாம்னு போன வருஷம் இதே பக்கத்துல வந்துச்சே, அதுக்கும் ஒரு கடிதம் போட்டேன், பதிலே வரல.

விஷயத்துக்கு வர்றேன். ஐப்பசில நடவு நடந்துக்கிட்டு இருந்தப்போ, கருப்பன் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் சோத்தை மோந்து பாத்துட்டு படுத்துட்டான். மூக்கு ஈரம்தான். வயல்ல ஓடிட்டு வந்தா உடம்பு சூடு ஏறி இருக்கும், அதனால நிழல்ல அரைமணி நேரம் படுக்க விட்டேன். அப்புறம் டிஜிட்டல் தெர்மாமீட்டர் (அவனுக்குன்னே தனியா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்) நுனில தேங்காண்ணெய் தடவி ஆசனவாய்ல ஒரு அங்குலம் விட்டு, மலத்துக்குள்ள குத்தி நிக்காம ஓரமா சாச்சு, பீப் சத்தம் வர்ற வரைக்கும் புடிச்சிருந்தேன், எங்க வீட்டுக்காரர் தலையை அணைச்சு புடிச்சிருந்தார். 104.2 இருந்துச்சு.

அடுத்தது ஈறு. நாட்டு நாய் வெச்சிருக்கிறவங்க இங்கதான் ஏமாந்துடுவாங்க. கருப்பனுக்கு ஈறு முழுக்க கறுப்பு, ரோஸா வெளுப்பான்னு எப்படி பாக்கறது? உங்க பக்கத்துல வந்த படத்துல இருக்கிறது வெளிநாட்டு நாய், அதுக்கு ஈறு ரோஸா பளிச்சுன்னு இருக்கு. கறுப்பு ஈறு இருந்தா கீழ் இமையை கட்டை விரலால மெதுவா இறக்கி உள்பக்கம் பாக்கணும். எப்பவும் ரோஸா இருக்கிற இடம் வெளுத்த துணி மாதிரி இருந்துச்சு. அவனுக்கு உதட்டுக்கு உள்ள மட்டும் ஒரு சின்ன ரோஸ் திட்டு உண்டு, அதை விரலால அமுக்கி விட்டேன். அமுக்கினா வெளுக்கும், எடுத்தா ரெண்டு செகண்டுக்குள்ள பழைய நிறம் திரும்பணும். மூணு எண்ணியும் திரும்பல, ஆனா ஏற்கனவே வெளுத்திருந்த இடத்துல அது சரியா தெரியாதுங்கிறதால நான் இமையைத்தான் நம்பினேன்.

பல்ஸ் பாக்க பின்னங்கால் தொடைக்கு உள்பக்கம், இடுப்போட சேர்ற இடத்துல ரெண்டு விரலை வெச்சு லேசா அழுத்தணும், கட்டை விரல் வேணாம், அதுல நம்ம பல்ஸே தெரியும். 15 செகண்டுக்கு எண்ணி நாலால பெருக்கணும். 34 வந்துச்சு, அப்ப 136. பெரிய நாய்க்கு 60ல இருந்து 100 வரைக்கும், குட்டி சைஸ் நாய்க்கு 140 வரைக்கும் கூட போகும்னு சொல்லுவாங்க, ஆனா எனக்கு பயம் வந்தது அவனோட 84 எழுதி வெச்சிருந்ததாலதான். அது இல்லன்னா ஜுரத்துல கொஞ்சம் கூடும்னு விட்டிருப்பேன்.

நீர்ச்சத்துக்கு தோளுக்கு மேல தோலை கிள்ளி விட்டு பாக்கலாம், நல்லா இருந்தா டக்குன்னு படிஞ்சுடும். ஆனா வயசான நாய்க்கும் மெலிஞ்ச நாய்க்கும் எப்பவுமே மெதுவாத்தான் படியும், கொழுத்த நாய்க்கு வறண்டிருந்தாலும் படிஞ்சுடும். அதனால ஈறை தொட்டு பாக்கறதுதான் எனக்கு நம்பிக்கை, வழவழன்னு இருக்கணும். அன்னைக்கு விரல் ஒட்டுச்சு. தண்ணியை வாய்ல ஊத்தலாம்னு பக்கத்து வீட்டு அண்ணன் பாலாடையோட வந்தார், வேணாம்னுட்டேன், மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஜுரம் இருக்கேன்னு வீட்ல இருந்த பாராசிட்டமாலையும் குடுக்கல, நம்ம மாத்திரை நாய்க்கு ஈரலை கெடுக்கும்.

இந்த தடவை போன்ல இந்த நாலையும் சொன்னேன், எதிர்ல இருந்த டாக்டர் காலைலன்னு சொல்லல, உடனே கெளம்புங்கன்னார். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு கார் எடுத்துக்கிட்டு போனோம். காதுக்குள்ளயும் கால் விரல் இடுக்குலயும் உண்ணி, ரத்தத்துல தட்டணு ரொம்ப கொறைஞ்சு இருந்துச்சு. உண்ணிக் காய்ச்சல்னு சொல்லி டாக்ஸிசைக்ளின் 28 நாள் குடுக்க சொன்னாங்க. கருப்பன் இப்ப திண்ணைல படுத்துக்கிட்டு நான் எழுதறதை பாத்துக்கிட்டு இருக்கான்.

எல்லாம் சரியா இருந்தா நாய்க்கு ஒண்ணும் இல்லன்னும் நான் சொல்லல. பாம்பு கடிச்ச கொஞ்ச நேரத்துக்கு, விஷம் ஏறாத வரைக்கும், ஈறும் பல்ஸும் நல்லாவே இருக்கலாம். வயிறு உப்பி வாந்தி வராம குமட்டினாலும், வண்டி தட்டினாலும் இதையெல்லாம் பாத்துக்கிட்டு உக்காரக் கூடாது. ஈறு வெள்ளையாவோ நீலமாவோ இருந்தா மிச்ச மூணையும் பாக்காம கெளம்பிடணும். மஞ்சளா இருந்தா கண்ணோட வெள்ளையையும் பாருங்க, நெல்வயல் ஊர்ல எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மூத்திரத்தை வெறுங்கையால தொடக்கூடாது.

என் மனசுல இருக்கிறதுக்கு நான் கேக்கறது ரொம்ப சின்னது. அடுத்த இதழ்ல அந்த மூக்கு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க. கூடவே ஒரு கறுப்பு ஈறு நாட்டு நாயோட இமையை இறக்கி பாக்கற படம் ஒண்ணு போடுங்க. கருப்பன் படம் வேணும்னா நானே எடுத்து அனுப்பறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி வட்டம்