திரைப்பதிவு கேட்கும் நடுவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சிறுகதைப் போட்டி நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தின் அடியில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது. கதை எழுதியபோது எடுத்த திரைப்பதிவோ, அதை வேகமாக்கிய டைம்லாப்ஸோ இருந்தால் இணைக்கலாம், கட்டாயமில்லை என்கிறது அது. ஏன் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. எழுத்தைப் பார்த்தே இது மனிதர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கருவிகளை நம்ப முடியாது. ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படியிருக்க, எழுதியதைக் கண்ணால் பார்த்துவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

வேறொரு போட்டிக்கு நானே ஒருமுறை அப்படிப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். அதில் பட்டதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

கதை 2,800 சொல். ஒன்பது அமர்வுகளில் மொத்தம் 13 மணி நேரம் எழுதினேன். OBS Studio என்ற இலவச மென்பொருளில் பதிவை ஓடவிட்டுவிட்டு எழுதுவேன். எழுத்து மட்டும் நகரும் திரைக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் போதும். மணிக்கு 450 எம்பி, எல்லாம் சேர்ந்து ஆறு ஜிபிக்குள் அடங்கிவிட்டது. அதை யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை என்பதால் அறுபது மடங்கு வேகமாக்கினேன். அதற்கு ffmpeg என்ற காணொளிக் கருவியில் ஒரே ஒரு வரிதான்:

```
ffmpeg -i amarvu.mkv -vf "setpts=PTS/60" -r 30 -an lapse.mp4
```

பதின்மூன்று மணி நேரம் பதின்மூன்று நிமிடமாகிவிட்டது. அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு நடுவர் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். "ஏழாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம், ஒரு பெரிய பத்தி அப்படியே கொட்டுகிறதே, அது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கதையில் அம்மா பேசும் நீண்ட காட்சி அது, 410 சொல். மற்ற இடங்களில் நிமிடத்துக்கு நாலு சொல் என்று தவழ்ந்துகொண்டிருந்த நான், அந்த இடத்தில் 22 நிமிடத்தில் எல்லாவற்றையும் அடித்து முடித்திருக்கிறேன். டைம்லாப்ஸில் அது 22 நொடி. ஒரு திருத்தம் இல்லை, ஒரு நிறுத்தம் இல்லை. வேறு எங்கிருந்தோ பார்த்து அடிப்பவர் எப்படி அடிப்பாரோ அச்சு அசல் அப்படியே இருந்தது.

பார்த்துத்தான் அடித்தேன். இரண்டு மாதம் முன்பு ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வைத்த காட்சி அது. அடித்தல் திருத்தலெல்லாம் தாளிலேயே முடிந்திருந்தது. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன், அவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தப் பென்சில் பக்கங்களை நான் முந்தின நாள் இரவு உட்கார்ந்து தயாரித்திருக்கலாம் இல்லையா? அவர் நம்பியது என் குரலை. காணொளியை அல்ல, நோட்டையும் அல்ல.

எழுத்து ஃபைலுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதைத் திரைப்பதிவு காட்டும். அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது. மேசையில் சாய்த்து வைத்த கைபேசி, பக்கத்துத் திரை, மடியில் விரித்த தாள், பின்னால் நின்று சொல்லிக்கொடுக்கும் ஆள், எதுவும் பதிவில் விழாது. அதேபோல, நாலு நாள் நடந்துகொண்டே மனசுக்குள் எழுதிவிட்டு வந்து மளமளவென்று அடிப்பவரும் திருடரைப் போலவே தெரிவார். சில ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகளில் அடிப்பவர்களுக்குச் சொல் முழுசாக ஒரே துள்ளலில் வந்து விழும். வேகமாக ஓட்டினால் அதுவும் துண்டு துண்டாக ஒட்டியது மாதிரி இருக்கும்.

வேகமாக்குவதால் இன்னொன்றும் போகிறது. எழுதும்போது விரல் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் உருவான இன்புட்லாக் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு விசைத்தட்டலையும் நேரத்தோடு பதியும். இரண்டு நொடிக்கு மேற்பட்ட இடைவெளியைத்தான் பல ஆய்வுகளில் 'நிறுத்தம்' என்று கணக்கில் எடுப்பார்கள். யோசித்து எழுதுபவர் வாக்கியத்தின் வாசலிலும் பத்தியின் வாசலிலும் தயங்குவார். பார்த்து அடிப்பவரின் நிறுத்தங்கள் தாளைத் திரும்பிப் பார்க்கும் இடங்களில் விழும். இப்போது மேலே உள்ள கட்டளையைப் பாருங்கள். அறுபது மடங்கு வேகம், நொடிக்கு 30 படம் என்றால் உண்மையான நேரத்தில் இரண்டு நொடிக்கு ஒரு படம்தான் மிஞ்சும். எந்த நுணுக்கத்தை வைத்து ஓரளவாவது சொல்ல முடியுமோ, அந்த நுணுக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியைத்தான் உங்களுக்கு அனுப்புகிறோம். முழுப் பதிவையே கேட்கலாமே என்பீர்கள். இறுதிச் சுற்றுக்கு இருபது பேர், ஆளுக்குப் பதின்மூன்று மணி நேரம் என்றால் 260 மணி நேரம். நீங்களும் வேகமாக ஓட்டித்தான் பார்ப்பீர்கள்.

அப்படியானால் டைம்லாப்ஸ் ஒன்றுக்கும் உதவாதா? உதவும், ஒரு சின்னக் காரியத்துக்கு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு வேலை செய்து பார்த்தேன். என்னுடைய பழைய கதை ஒன்று, 900 சொல், அச்சில் வந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் யோசித்து எழுதுவதுபோல நடித்து அடித்தேன். வேண்டுமென்றே தவறான சொல்லைப் போட்டு அழித்தேன், நடுநடுவே எழுந்து தண்ணீர் குடித்தேன். இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. அந்தக் காணொளியையும் உண்மையான ஓர் அமர்வின் காணொளியையும் எழுதுகிற நண்பர்கள் மூன்று பேரிடம் காட்டினேன். இரண்டு பேர் நடித்ததைத்தான் உண்மை என்றார்கள். அதில்தான் 'எழுத்தாளர் படும் பாடு' தெரிகிறதாம்!

மூன்றாமவர் சரியாகச் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "இதில் நீ அழிப்பதெல்லாம் கர்சர் நிற்கும் இடத்திலேயே அழிக்கிறாய். மேலே போகவே இல்லை" என்றார். உண்மைதான். நிஜமாக எழுதிய அமர்வுகளில் முடிவை எழுதிய கையோடு முதல் பக்கத்துக்கு ஓடி, அங்கே ஒரு தபால்காரரை நுழைத்திருக்கிறேன். ஒரு பாத்திரத்தின் பெயர் மூன்று முறை மாறுகிறது. ஆறாவது அமர்வில் 600 சொல் எழுதி, ஏழாவதில் அத்தனையும் தூக்கிப் போடுகிறேன். சொல்லை அழித்து எழுதுவது போல நடிக்க இரண்டு மணி நேரம் போதும். வீணாகப் போகும் ஒரு காட்சியை எழுதி, அதனால் முன்பக்கங்களில் வந்த மாற்றங்களையும் சேர்த்து நடிக்க, கிட்டத்தட்ட ஒரு கதை எழுதும் உழைப்பு வேண்டும். ஆகவே காணொளியில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, பின்னோக்கிப் போகிற திருத்தங்களை. அதிலும் ஓட்டை உண்டு. அடுத்தவர் கதையின் வரைவுகள் நாலைந்து கையில் கிடைத்தால் அவற்றை வரிசையாக அடித்தே இதையும் காட்டிவிடலாம். அத்தோடு, நேர்கோட்டில் எழுதிக்கொண்டே போய் முற்றுப்புள்ளி வைக்கிற நல்ல எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். இந்தத் தடயம் இருந்தால் நம்பிக்கை கொஞ்சம் கூடலாம். இல்லாவிட்டால் சந்தேகம் கூடக் கூடாது.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபைலுக்குள் இருக்கும் தேதியை இன்னொரு ffmpeg வரியில் மாற்றிவிடலாம். திரை மூலையில் ஓடும் கடிகாரத்தைக் கணினி அமைப்பிலேயே மாற்றலாம். நான் செய்தது, ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் `sha256sum` கட்டளையில் அந்தப் பதிவின் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணை எடுத்து, அன்றைக்கே போட்டி முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் வேறாகிவிடும் என்பதால், அந்த நாளில் அந்தப் பதிவு அப்படியே இருந்தது, பிறகு யாரும் கைவைக்கவில்லை என்பது அதில் உறுதியாகும். பதிவுக்குள் நடந்தது நேர்மையா என்பதை அது தொடாது.

நான்காவது அமர்வில் ஒரு மருத்துவச் செய்தி திரையின் மூலையில் நோட்டிஃபிகேஷனாக எழும்பியது. என் வீட்டு விஷயம். டைம்லாப்ஸ் செய்யும்போது அந்த இடத்தைச் சுற்றிச் சில நிமிடங்களை வெட்டினேன். அந்த நடுவர் அதையும் கவனித்திருந்தார்: "கடிகாரம் ஏன் ஒரு இடத்தில் தாவுகிறது?" முழுத் திரையையும் எடுக்கும் Display Capture வைத்தால் என் வீடே உள்ளே வந்துவிடுகிறது. எழுதும் சாளரத்தை மட்டும் எடுக்கும் Window Capture வைத்தால், பக்கத்துச் சாளரத்தில் என்ன திறந்திருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தரங்கத்தைக் காப்பாற்றும் ஒவ்வொரு வழியும் சான்றில் ஒரு பொத்தலைப் போடுகிறது. இதற்கு நான் வழி எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

'கட்டாயமில்லை' என்ற சொல்லுக்கு வருகிறேன். இருபது பேரில் பதினான்கு பேர் இணைத்துவிட்டால், மீதி ஆறு பேரை எப்படிப் பார்ப்பீர்கள்? கையால் எழுதுபவர், சொல்லச் சொல்ல இன்னொருவர் தட்டச்சு செய்பவர், குரலால் எழுதுபவர், வேலைக்குப் போகும் வழியில் கைபேசியில் நாலு வரி நாலு வரியாகச் சேர்ப்பவர், யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு வரிகூட ஓடாதவர். இவர்கள் எல்லோரும் அந்த ஆறு பேருக்குள்தான் இருப்பார்கள். பதிவு ஓடிய முதல் இரண்டு அமர்வுகளில் நானே மோசமான வாக்கியங்களை எழுதத் துணியவில்லை. மோசமாக எழுதாமல் நான் நன்றாக எழுதியதும் இல்லை.

உங்களிடம் சில விஷயங்கள் கேட்கிறேன். மதிப்பெண் இட்டு முடிக்கும்வரை காணொளியை யாரும் திறக்க வேண்டாம். யார் இணைத்தார்கள் என்ற விவரமும் நடுவர்களுக்குப் போகக் கூடாது. பிறகு புகார் வந்தால் மட்டும், எழுத்தாளர் கேட்டுக்கொண்டால், அவர் தரப்புச் சான்றாக அதைப் பாருங்கள். வேகமான ஓர் இடத்தை மட்டும் காட்டி யாரையும் நீக்காதீர்கள். அதற்கும் முன்னால் அவரை அழைத்து அரை மணி நேரம் கதையைப் பற்றிப் பேசுங்கள். தபால்காரர் ஏன் வந்தார், தூக்கிப் போட்ட காட்சியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பேச வராதவர்கள் உண்டு, அவர்கள் எழுத்தில் பதில் சொல்லட்டும். அந்த நடுவர் என்னை நம்பியது அந்தத் தொலைபேசி அழைப்பால்தான்.

இந்த ஆண்டு நான் அனுப்பும் கதை பாதி நோட்டிலும் பாதி கைபேசியிலும் எழுதியது. பதிவு எதுவும் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு போட்டியாளர்