ஒரே லாரிக்கு இரண்டு பில்: கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவில் உள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் உறுப்பினர் நான். பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சம்பாவுக்கான உரப் பணத்தைச் சங்கங்கள் பட்டுவாடா செய்யத் தொடங்கும் முன், எங்கள் சங்கத்தின் எழுத்தர் கண்டுபிடித்த ஒரு விஷயத்தைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். சங்கத்தின் பெயரையும் உரம் அனுப்பிய நிறுவனத்தின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நடந்தது எந்தச் சங்கத்திலும் நடக்கக்கூடியது என்பதால், பெயர்களை விட அது நடந்த விதமே தங்களுக்குத் தேவைப்படும்.

எங்கள் சங்கத்துக்குத் தலைமைக் கிட்டங்கி ஒன்றும், ஆற்றுக்கு அக்கரையில் கிளைக் கிட்டங்கி ஒன்றும் இருக்கின்றன. ஆடி மாதத்தில் டி.ஏ.பி. உரம் ஏற்றிய ஒரு லாரி வந்தது. 50 கிலோ மூட்டைகள் 200, அதாவது 10 டன். தலைமைக் கிட்டங்கியில் 120 மூட்டைகளை இறக்கிவிட்டு, மீதி 80 மூட்டைகளோடு அதே லாரி அக்கரைக்குப் போய் இறக்கியது. கிளைக்குத் தனியாக லாரி பிடித்தால் வாடகை கூடும் என்பதால் டெல்டாவில் பல சங்கங்கள் இப்படித்தான் செய்கின்றன. இதில் குற்றம் காண ஒன்றுமில்லை.

சில நாட்களில் நிறுவனத்திடமிருந்து 200 மூட்டைக்கு ஒரு பில் வந்தது. தலைமைக் கிட்டங்கி விற்பனையாளர் இருப்புப் பதிவேட்டில் 200 மூட்டை வரவு எழுதி, கிளைக்கு 80 மாற்றம் என்று செலவும் எழுதி, பில்லின் பின்புறம் சரக்கு நல்ல நிலையில் வரப்பெற்றதாகக் கையொப்பமிட்டார். அதற்கு அடுத்த வாரம் 80 மூட்டைக்கு இன்னொரு பில், வேறு எண்ணோடும் வேறு தேதியோடும், நேராகக் கிளையின் முகவரிக்கே வந்தது. கிளை விற்பனையாளரின் பதிவேட்டில் 80 மூட்டை வரவு இருந்தது. யாரிடமிருந்து வந்தது என்ற கலத்தில் அவர் நிறுவனத்தின் பெயரையே எழுதியிருந்தார். லாரி நிறுவனத்தின் லாரி. அதிலிருந்து தன் கையால் எண்ணி இறக்கியிருக்கிறார். வேறு என்ன எழுதுவார்? அவரும் கையொப்பமிட்டார்.

ஆக, இரண்டு பில்களுக்கும் பதிவேட்டில் வரவு உண்டு, பொறுப்பாளரின் கையொப்பம் உண்டு. எண்கள் வேறு, தேதிகள் வேறு, மூட்டைக் கணக்கும் வேறு. ஒரே பில் இரு முறை வந்திருந்தால் எந்தப் பதிவேடும் எந்தக் கணினியும் அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டுமே சுத்தமானவை. நான் செயலாளராக இருந்த காலத்துப் பழக்கப்படி, ஒரு பில், ஒரு வரவு, ஒரு கையொப்பம் என்று சரிபார்த்துக் காசோலை எழுதும் எவரும் இரண்டையும் கடத்திவிட்டிருப்பார்கள். டி.ஏ.பி. மூட்டை விற்பனை விலை 1,350 ரூபாய்; 80 மூட்டை என்றால் 1,08,000 ரூபாய்.

எழுத்தர் இதைக் கண்டுபிடித்தது பில்களை வைத்து அல்ல, இறக்குகூலிச் சீட்டை வைத்து. பருவப் பட்டுவாடாவுக்கு முன் கொடுபட வேண்டிய தொகைகளுக்குப் பட்டியல் தயாரிக்கும்போது, அந்த அம்மாள் உரச் செலவோடு அதன் உபசெலவுகளையும் பக்கத்திலேயே எழுதிப் பார்ப்பவர். சுமைப்பணியாளர்களுக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. மூட்டை எண்ணிக்கையில் ஒன்று குறைத்து எழுதினாலும் அவர்கள் விடமாட்டார்கள். கூட்டி எழுதினால் செயலாளர் விடமாட்டார். சங்கத்தில் இரு தரப்பும் எதிரெதிராக நின்று எண்ணும் ஒரே தாள் அதுதான் என்பது என் அனுபவம். தலைமைக் கிட்டங்கிச் சீட்டில் 120, கிளைச் சீட்டில் 80, இரண்டிலும் ஒரே தேதி, ஒரே லாரி எண். பில்களைக் கூட்டினால் 280 மூட்டை. கூலி போனதோ 200 மூட்டைக்கு.

இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று அவர் அடுத்து பி.ஓ.எஸ். கருவிகளைப் பார்த்தார். மானிய உரம் 2018 முதல் இந்தக் கருவி வழியாகத்தான் விவசாயிக்கு விற்கப்படுகிறது என்பதும், நிறுவனம் அனுப்பும் சரக்கு ஒவ்வொரு விற்பனை நிலையத்தின் அடையாள எண்ணிலும் ஏறி, அந்த நிலையம் வரவை ஒப்புக்கொண்ட பிறகே விற்பனைக்குரிய இருப்பாகும் என்பதும் தாங்கள் அறிந்தவை. தலைமைக் கிட்டங்கியின் கருவியில் 6 டன், கிளையின் கருவியில் 4 டன், மொத்தம் 10 டன் வரவாகியிருந்தது. பில்களின்படி 14 டன் வந்திருக்க வேண்டும். தவறு எங்கே பிறந்தது என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. நிறுவனத்தில் ஒருவர் சங்கத்தின் கொள்முதல் ஆணையைப் பார்த்து 10 டன்னுக்குப் பில் போட்டிருக்கிறார். இன்னொருவர் கிளையின் அடையாள எண்ணுக்குப் போன 4 டன்னைத் தனி விற்பனை என்று எண்ணி மறுபடி பில் போட்டிருக்கிறார். இதைத் திட்டமிட்ட மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் போயிருந்தால் விளைவு ஒன்றுதான்.

அந்த விளைவு யார் தலையில் விழுந்திருக்கும் என்பதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. இரண்டு பில்களும் கொள்முதலாகக் கணக்கில் ஏறியிருந்தால், ஆண்டு முடிவில் 280 மூட்டை வாங்கியதாகவும், விற்றதும் இருப்பதும் சேர்ந்து 200 என்றும் வரும். தணிக்கையாளர் அதை இரட்டைப் பில் என்று எழுதமாட்டார். 80 மூட்டை இருப்புக் குறைவு என்றுதான் எழுதுவார். தலைமைக் கிட்டங்கியில் கிளைக்கு மாற்றம் என்று செலவெழுதிய 80 மூட்டைக்குக் கிளையில் மாற்றல் வரவே இல்லாததால், வழியில் காணாமற்போன சரக்காகவே அது தெரியும். பிறகு 1983-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் விசாரணை, 87-ஆம் பிரிவில் தண்டத்தீர்வை. உரத்தை எண்ணி இறக்கி, எண்ணி விற்ற விற்பனையாளர் தம் சம்பளத்திலிருந்து அந்தத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். இப்படி முடிந்த கோப்புகளை நான் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அவற்றில் எத்தனை உண்மையில் இருப்புக் குறைவு, எத்தனை இப்படிப்பட்ட பில் குழப்பம் என்று இன்றைக்கு என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது என் மனத்தை உறுத்துகிறது.

எழுத்தர் தாள்களை விரித்துக் காட்டியபோது கிளை விற்பனையாளர் முதலில் கோபப்பட்டார். "மூட்டை வந்தது நிசம்தானேம்மா? நான் எண்ணித்தானே இறக்குனேன்?" என்றார். "வந்தது நிசம்தாண்ணே. ஆனா வந்தது ஒரு தடவை. காசு ரெண்டு தடவை கேக்குறாங்க" என்று அவர் சொன்ன பிறகுதான், தம் கையொப்பம் எதற்குப் பயன்படவிருந்தது என்பது விற்பனையாளருக்குப் புரிந்தது.

நிறுவனத்தின் பிரதிநிதி தொலைபேசியில் மறுப்பேதும் சொல்லவில்லை. "இப்ப ரெண்டையும் பாஸ் பண்ணிடுங்க, அடுத்த லோடுல கழிச்சுக்கலாம்" என்றார். பழைய பாக்கி நின்றால் அடுத்த லோடு தள்ளிப்போகலாம் என்பதையும் நயமாகச் சொன்னார். நாற்றங்கால் தயாராகி, அடியுரத்துக்காக விவசாயிகள் கிட்டங்கி வாசலில் நிற்கும் நேரத்தில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது செயலாளராக இருந்தவர்களுக்குத் தெரியும். பயிர்க்கடனில் ஒரு பகுதியை உரமாகத்தான் கொடுக்கிறோம். உரம் வராவிட்டால் கடனும் முழுமையாக விவசாயிக்குப் போய்ச் சேராது.

எழுத்தர் இணங்கவில்லை, அதற்கு அவர் சொன்ன காரணமும் சரியானது. அடுத்த லோடில் கழிப்பது என்றால் அந்த லோடின் பில் தொகைக்கும் சரக்குக்கும் பொருத்தம் இராது. இந்த ஆண்டின் பிழை அடுத்த பருவத்துக் கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும். மேலும் உரத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. இரண்டாவது பில்லை நிறுவனம் தன் வரிக் கணக்கில் காட்டியிருந்தால், அதைக் கிழித்துப் போட்டால் தீராது; கிரெடிட் நோட் கொடுத்துத்தான் திருத்த வேண்டும். செயலாளர் அவருக்குத் துணை நின்றார். 200 மூட்டைக்கான பில்லுக்கு முழுப் பணமும் உடனே அனுப்பப்பட்டது. 80 மூட்டைப் பில் மட்டும், இரு கூலிச் சீட்டுகளின் நகலோடும் இரு கருவிகளின் வரவு விவரத்தோடும் திருப்பி அனுப்பப்பட்டது. கிரெடிட் நோட் வந்தது. அடுத்த லோடும் சில நாள் தாமதமாக வந்து சேர்ந்தது.

எங்கள் சங்கத்தில் இது ஓர் எழுத்தரின் கவனத்தால் தப்பியது. எல்லாச் சங்கத்திலும் உபசெலவைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் ஒருவர் இருப்பார் என்று துறை நம்பி இருக்க முடியாது. ஆகவே தாங்கள் சம்பா பட்டுவாடாவுக்கு முன் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். உரப் பணத்தைப் பில்வாரியாகப் பாஸ் செய்யும் முறையை மாற்றி, லாரிவாரியாகப் பாஸ் செய்ய உத்தரவிட வேண்டும். ஒரு லாரிக்கு ஒரு தாள்: அதில் லாரி எண், நிறுவனத்தின் அனுப்புகைச் சீட்டு எண், இறங்கிய ஒவ்வொரு கிட்டங்கியின் மூட்டை எண்ணிக்கை, கூலிச் சீட்டு எண், கருவியில் ஏறிய டன் கணக்கு. அந்த லாரிக்கென்று வரும் பில்கள் எத்தனையானாலும் அந்த ஒரே தாளில்தான் பதியப்பட வேண்டும். மூட்டை தீர்ந்த பிறகு வரும் பில்லுக்கு அதில் இடமே இராது.

கிளை விற்பனையாளர்கள் நிறுவனத்தின் பில்லில் நேரடியாகக் கையொப்பமிடுவதையும் நிறுத்த வேண்டும். அவர்கள் சரக்கு வரவுச் சீட்டை மட்டும் தலைமைக்கு அனுப்பினால் போதும். சங்கம் முழுவதற்கும் பில்லை ஏற்பது ஒரே இடமாக இருக்க வேண்டும்.

கருவி இருக்கிறதே, அதுவே போதாதா என்று தங்கள் அலுவலகத்தில் சிலர் கேட்கக்கூடும். போதாது. சில இடங்களில் சரக்கு வரும் முன்பே ஒப்புதல் அழுத்தப்படுகிறது. சில இடங்களில் வந்து பல நாள் கழித்து. அதைவிட முக்கியமாக, துத்தநாக சல்பேட், ஜிப்சம், நுண்ணூட்டக் கலவை போன்ற, உர மானியத்தில் வராத சரக்குகள் அந்தக் கருவிக்குள் வருவதில்லை. அவையும் இதே லாரிகளில், இதே இரு கிட்டங்கிகளில் இறங்குகின்றன. அவற்றுக்கு இரட்டைப் பில் வந்தால் கூலிச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. எனவே கூலிச் சீட்டில் லாரி எண்ணும் சரக்கின் பெயரும் எழுதப்படுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பல சங்கங்களில் இன்றும் "உர மூட்டை இறக்கிய வகையில்" என்று மொத்தமாக ஒரு வரிதான் எழுதுகிறார்கள்.

பில்லில் தகராறு இருக்கும்போது, தகராறில்லாத தொகையைச் சங்கம் செலுத்திவிட்டால், நிலுவையைக் காரணம் காட்டி அடுத்த ஒதுக்கீட்டை நிறுத்தக்கூடாது என்று நிறுவனங்களுக்கும் எழுத வேண்டுகிறேன். எங்கள் செயலாளர் அன்று உறுதியாக நின்றார். வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து வேறொருவர் இரண்டு காசோலையிலும் கையொப்பமிட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

இரு கூலிச் சீட்டுகள், இரு பில்கள், கருவிகளின் வரவு விவரம், கிரெடிட் நோட் ஆகியவற்றின் நகல்கள் சங்கத்தில் உள்ளன. தங்கள் அலுவலர் எவரேனும் வந்தால் எழுத்தரும் செயலாளரும் அவற்றை எடுத்துக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கச் செயலாளர்,
சங்க உறுப்பினர்