கண்ணுவுக்கு, பாலக்கோட்டிலிருந்து

அன்புள்ள கண்ணு,

தக்காளிப் பணம் வந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். 'நல்லா இருக்கேன்ப்பா' என்கிறாய். அந்த 'ப்பா' வெறும் காற்றாகத்தான் வந்தது. அதுக்கப்புறம் போனே இல்லை, எழுதித்தான் அனுப்புகிறாய்.

சரி, நான் எதுவும் கேட்கவில்லை.

காலையில் பல் விளக்கி, குரல் கொஞ்சம் தெளிந்ததும், மேல் ஸ்தாயியில் ஒரு வரியை மெதுவாகப் பாடிப் பார். பக்கத்தில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது, அவ்வளவு மெதுவாக. குரல் நாண் வீங்கியிருந்தால் அந்த மெல்லிசு வராது. காற்று முதலில் வரும், சத்தம் பின்னால் வரும். அழுத்திப் பாடினால் வந்துவிடும். எல்லாரும் ஏமாறுவது அங்கேதான். வராத நாளில் ஒத்திகையில் 'இன்றைக்கு அரைக்குரல்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடு. குசுகுசுவென்றும் பேசாதே, அதுவும் பலருக்குத் தொண்டையை இறுக்கும்.

ஒத்திகைக்கு முன் அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை ரெண்டு விரல் ஆழம் விட்டு, 'ஊ' என்று குமிழி விடு. கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, வழுக்கிக்கொண்டே போகணும். ஐந்து நிமிஷம் போதும். தண்ணீர் தடுக்கிறதால் காற்றின் அழுத்தம் திரும்பி வந்து நாண்களைத் தாங்கும். ஒன்றோடொன்று பலமாக அடித்துக்கொள்ளாது. குமிழி விட்டு விட்டு வந்தால் மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறாய் என்று அர்த்தம். ஒத்திகை முடிந்த பிறகும் ரெண்டு நிமிஷம் விடு. கூத்தில் பின்பாட்டுக்காரர் வரியை வாங்கிக்கொள்ளும்போது எங்களுக்கு மூச்சு கிடைக்கும். உன் நாடகத்தில் அதுவும் இல்லை.

கனைக்காதே. எச்சிலை விழுங்கு, இல்லாவிட்டால் ஒரு மடக்கு தண்ணீர் குடி. ஸ்ட்ராவை மறக்காதே.

அந்தத் துகிலுரிதல் கூத்து ராத்திரி உனக்கு மகரக்கட்டு உடைந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும். ஆள் வரவில்லை என்று உனக்கு திரௌபதி வேஷம் கட்டினேன். நடுராத்திரிக்கு மேல் குரல் பிளந்தபோது, வாயில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டு, 'தம் கட்டிப் பாடு' என்று திரைக்குப் பின்னால் நின்று சொன்னேன். விழுங்குவதெல்லாம் உணவுக்குழாய்க்குப் போகிறது, நாணைத் தொடுவதே இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது தெரிந்தது. விடிந்ததும் ஊரே மெச்சியது. நானும் பூரித்துப் போனேன். நாலு மாசம் கரகரத்தாய், ஒரு டாக்டரிடமும் காட்டவில்லை. வலிக்குதுப்பா என்று நீயும் சொல்லவில்லை. சொல்லவிடாமல் வளர்த்தது நான்.

இப்படி எத்தனை நாளாகிறது என்று மட்டும் எழுது. மூன்று வாரம் தாண்டியிருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டர் கேமரா விட்டு நாணைப் பார்க்கணும். சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். போன் பண்ண வேண்டாம், எழுது.

அப்பா