வணக்கத்துக்கு அடுத்த வரி

கல்லடி, மட்டக்களப்பு

மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். மாரி தொடங்கிவிட்டது, முற்றம் முழுக்க வெள்ளம். ஆறு மாதமாக ஒரு வரி எழுதாமல் இருந்தது என் பிழைதான், அதற்கு ஒரு சாட்டும் சொல்லப் போவதில்லை. உன் அக்காவிடம் அந்தக் கொடுக்காப்புளி மரத்தடி விசயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. அதற்காகவாவது என்னை மன்னித்துவிடு.

மன்னாரில் இருந்து கரைப்பறவைப் படம் போடுகிற ஆளுக்கு இன்ஸ்டகிராமில் எழுதப் போவதாகச் சொல்லி, "பார்த்துச் சொல்லு" என்று அனுப்பியிருந்தாயே, அதை நாலு தரம் வாசித்தேன். நல்ல காலம், அனுப்புவதற்கு முன் கேட்டாய். நீ எழுதியது இதுதான்: "வணக்கம் புரோ. உங்கட படங்கள் எல்லாம் சூப்பர். நானும் பறவை பார்க்கிற ஆள்தான். அந்த ஆலாக் கூடு எந்த இடம்? வட்ஸ்அப் நம்பர் தருவீங்களா?"

வணக்கம் சரி. மற்றதெல்லாம் மாற வேண்டும்.

அவர் உன்னைப் பின்தொடரவில்லை. அப்படிப்பட்டவருக்கு அங்கே ஒரே ஒரு செய்திதான் அனுப்பலாம், அதிலும் படம் சேர்க்க முடியாது. அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அடுத்தது போகும். "ஹாய்" போட்டு, பதில் வந்த பிறகு விசயத்தைச் சொல்லலாம் என்று இருந்தால், கையில் இருந்த ஒரே வாய்ப்பும் அந்த ஹாயோடு முடிந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். பொத்துவில் பக்கம் கரைப்பறவை எடுக்கிற ஒருவருக்கு ஹாய் போட்டுவிட்டு மூன்று கிழமை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுகா ஒரு நாள் அவரை நேரிலேயே களப்பங்கரையில் கண்டபோது போனை எடுத்துக் காட்டினார். தெரியாத ஆட்கள் எழுதுவது போய் விழுகிற கோரிக்கைப் பெட்டியில் மேலிருந்து கீழ்வரை ஹாய், ஹலோ, குட் மோர்னிங். அதற்குள் என்னுடையதும் கிடந்தது. எது பறவைக்காரன் எழுதியது, எது சும்மா யாரோ எழுதியது என்று பிரிக்க அதில் ஒரு அடையாளமும் இல்லை. செய்தியைத் திறக்காமல் பார்த்தால் முதல் வரி மட்டும்தான் தெரியும். அதனால் வணக்கத்துக்குப் பக்கத்திலேயே விசயம் வர வேண்டும்.

புரோவை எடுத்துவிடு. அந்தப் பக்கத்தில் பெயர் இல்லை, முகம் இல்லை. ஆணா பெண்ணா, நம் வயதா, ஓய்வுபெற்ற ஆசிரியையா என்று உனக்குத் தெரியாது. அண்ணா, தம்பி, சேர் எதுவும் வேண்டாம். வணக்கமும் நீங்களும் போதும். வாசகர்களுக்கு அவர் பதில் போடும் இடங்களைப் பார், ஸலாம் சொல்லித் தொடங்குகிற ஆளாக இருந்தால் நீயும் ஸலாமில் தொடங்கு. அது நம் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை.

அப்புறம் அந்த ஆலாக் கூடு. இதில் கொஞ்சம் கோபம்தான் வந்தது, மச்சான். சின்ன ஆலா வெறும் மணலில்தான் முட்டையிடும். ஆள் கிட்டப் போனால் தாய் எழும்பிவிடும், அந்த வெயிலில் மூடாமல் கிடந்தால் முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்துப்போகும். அதனால்தான் அவர் இடத்தின் பெயரைப் போடவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் முதல் வரியிலேயே கூடு எங்கே என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? முட்டை எடுக்கிறவனும் அதைத்தான் கேட்பான். நம்பரும் அப்படித்தான், பழகிய பிறகு தானாக வரும்.

அப்படியென்றால் எதைக் கேட்பது? உன்னிடமே நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டாய். கோமாரிக் களப்பில் எடுத்த அந்தக் கோட்டான் படம், ஆந்தையில்லை, வளைந்த நீள மூக்குக் கரைப்பறவை. பெரிய கோட்டான் இனமா சின்னக் கோட்டான் இனமா என்று நீயும் நானும் இரண்டு நாள் போனில் அடிபட்டோம். உச்சந்தலையில் கறுப்புப் பட்டையும் நடுவில் வெளிர்க் கோடும் இருந்தால் சின்னக் கோட்டான், தலை முழுக்கச் சீராக வரி ஓடினால் பெரியது. உன் படத்தில் தலை பாதி நிழலுக்குள். மூக்கு குட்டை என்பதால் சின்னது என்று நீ நின்றாய். ஆனால் பெரிய கோட்டானின் இளம் பறவைக்கும் மூக்கு குட்டையாகத்தான் இருக்கும், அது முழு நீளத்துக்கு வளர மாதக்கணக்கில் ஆகும். புத்தகத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாத, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண் வேண்டிய கேள்வி இது. அவருக்கும் பதில் சொல்ல ஆசை வரும், ஒரு நிமிடத்தில் சொல்லியும் விடலாம்.

படம் அனுப்ப முடியாதே என்பாய். முதலில் அந்தப் படத்தை உன் பக்கத்தில் போடு, கூடவே வேறு இரண்டு மூன்று பறவைப் படமும். இப்போது உன் பக்கத்தில் இருப்பது மோட்டார் சைக்கிளும் கல்யாண வீடும்தான். செய்தி வந்ததும் அவர் முதலில் பார்ப்பது உன் பக்கத்தை. மறுகா இப்படி எழுது:

"வணக்கம். கோமாரிக் களப்பில் கண்ட கோட்டான் ஒன்றைப் பற்றி ஒரு சந்தேகம். நான் திருக்கோவிலில் இருக்கிறேன், நாலு வருடமாகப் பறவை பார்க்கிறேன். பெரிய கோட்டானும் சின்னக் கோட்டானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் உங்கள் மன்னார்ப் படத்தைப் பார்த்துத்தான் உங்களிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். ஒக்டோபர் 26 காலை 7 மணிக்குக் கண்டது, தனிப் பறவை, சத்தம் கேட்கவில்லை. மூக்கு தலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, தலைக்கோடு தெளிவில்லை. படம் என் பக்கத்தில் முதலாவதாக இருக்கிறது. இது சின்னதா, பெரியதின் இளசா? நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும்."

சத்தம் கேட்கவில்லை என்ற வரியை வெட்டிவிடாதே. சின்னது பறக்கும்போது ஒரே சுருதியில் ஏழு தரம் போல விறுவிறென்று கூவும், பெரியது "கூர்லீ" என்று நீட்டி ஏறும். சத்தம் கேட்டிருந்தால் படமே தேவையில்லை, அதனால் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அதை நீயே சொல்லிவிட்டால் ஒரு சுற்று மிச்சம். படங்கள் சூப்பர் என்றும் எழுதத் தேவையில்லை. இரண்டு கோட்டானும் நிற்கிற அந்த ஒரு படத்தைச் சொன்னாலே, நீ உண்மையில் பார்த்திருக்கிறாய் என்று அவருக்கு விளங்கும்.

பதில் வராமலும் போகலாம். அந்தப் பெட்டியைச் சிலர் மாதத்துக்கு ஒரு தரம்தான் திறப்பார்கள். வேறு கணக்கு திறந்து எழுதிப் பின்னால் போகாதே. அவர் அடுத்த கரைப்பறவைப் படம் போடும்போது அதன் கீழே அந்தப் பறவையைப் பற்றி ஏதாவது கேள். இரண்டு மூன்று தரம் பெயரைக் கண்டால் பெட்டியையும் திறந்து பார்ப்பார்.

எனக்கென்னவோ அது இளசு என்றுதான் படுகிறது. சின்னதின் மூக்கு நுனிக்குக் கிட்டத்தான் சட்டென்று வளையும், உன் படத்தில் அடியிலிருந்தே சீராக வளைகிறது. இதை அவருக்கு எழுதாதே, அவர் தானாகச் சொல்லட்டும். மழை விட்டதும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். சனி விடியக் கோமாரிக்குப் போவோம், சத்தம் கேட்கும்வரை கரையிலேயே குந்தியிருப்போம். பைனாகுலரைத் துடைத்து வை, போன தடவை கண்ணாடி முழுக்கப் பூஞ்சணம்.

அன்புடன்,
உன் கல்லடிக்காரன்