இரண்டு சிகரெட்டும் வேண்டாம், கதிர்

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெருவிரல் நுனியில், நகத்தை ஒட்டி, ஓரம் காய்ந்து நடுவில் சாம்பல் நிறம் படிந்திருக்கும் அந்தப் புண்ணைச் செருப்புக் கடி என்று என்னால் எண்ண முடியவில்லை. இரவில் வலி உன்னைத் தூங்கவிடுவதில்லை என்றும், காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சற்றுத் தணிகிறது என்றும் சொன்னாய். விரலுக்கு இரத்தம் போதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். நடக்கும்போது உள்ளங்கால் பிடித்து இழுத்ததும், நின்றால் விட்டதும் இதன் தொடக்கமே.

மருத்துவர் உன்னைக் கையை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடித்து, கையைத் திறந்ததும் ஒன்றை மட்டும் விட்டாரல்லவா? உள்ளங்கை உடனே சிவக்காமல் வெளுத்தே இருந்ததால், வலி காலில் மட்டும் இருந்தாலும் கையின் தமனியும் அடைபட்டிருப்பது தெரிந்தது. நீரிழிவு, இதயத்திலிருந்து வரும் இரத்தக்கட்டு, இரத்தம் உறையும் கோளாறு ஆகியவை இல்லையென்று உறுதிசெய்த பிறகே அவர் பர்ஜர் நோய் என்று சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் 45 வயதுக்குள், புகைபிடிக்கும் ஆண்களுக்கு வருவது இது. சிறிய தமனிகளின் சுவர் அழன்று, உள்ளே இரத்தம் கட்டி, வழி அடைபடுகிறது.

அறுவை சிகிச்சை செய்து சரிசெய்துவிடலாமே என்று கேட்டாய். மாற்றுப் பாதை வைப்பதென்றால், அடைப்புக்கு அப்பால் அதைக் கொண்டுபோய் இணைக்கத் திறந்த குழாய் ஒன்று வேண்டும். இந்த நோயிலோ கடைசிக் கிளைகளே மூடிக்கொள்வதால் பெரும்பாலும் அதற்கு இடமிருப்பதில்லை. வலியைத் தணிக்கவும் புண் ஆறவும் உதவும் மருந்துகள் உண்டு. ஆனால் நோயின் போக்கை நிறுத்துவது புகையிலையை முற்றிலும் விடுவது மட்டுமே.

அதனால்தான், நாளுக்கு இரண்டு சிகரெட்டாகக் குறைத்துவிட்டேன் என்று நீ எழுதியதைப் படித்து என்னால் நிம்மதியடைய முடியவில்லை. மற்ற நோய்களில் குறைத்ததற்குப் பலன் இருக்கலாம். இதில் ஒன்றிரண்டு சிகரெட்டே அழற்சியை அணையவிடாமல் வைத்திருக்கும். வாயில் அடக்கும் புகையிலையும் அப்படித்தான். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையும் நோயை உயிர்ப்புடன் வைத்திருக்கக்கூடும் என்பதால், நீயாக வாங்கி ஒட்டிக்கொள்ளாதே. நிக்கோட்டின் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன, அவற்றில் உனக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேள். அறையில் உன்னுடன் இருப்பவர்களையும் வெளியே போய்ப் புகைக்கச் சொல்.

இரத்தக்குழாய்ப் பிரிவில் செவிலியராக இருந்தபோது நான் கண்டதைச் சொல்கிறேன். விரல் கறுப்பதற்கு முன்பே முழுவதும் விட்டவர்களில் பெரும்பாலோர் விரலை இழக்கவில்லை. மூடிய தமனி மீண்டும் திறப்பது அரிது என்றாலும், புதிய அடைப்பு நின்றுவிட்டால் பக்கத்துச் சிறு குழாய்கள் மெல்ல அந்த வேலையை ஏற்கும், புண்ணும் ஆறும். விடாதவர்களுக்கு முதலில் விரலும், பிறகு பாதமும் எடுக்க வேண்டிவந்தது.

பாதத்தைக் குளிரில் விடாதே; வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். புண்ணின் ஓரத்தை நீயே வெட்டாதே. கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா