மஞ்சள்தூளிலும் மிளகாய்த்தூளிலும் சேரும் சாயம்: டெல்டா மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர்களுக்கு வணக்கம்.

மாசி, பங்குனி வெயிலில் மிளகாயையும் மல்லியையும் மஞ்சளையும் மொட்டைமாடியில் காயவைத்து, ஆண்டுக்கு வேண்டியதை மில்லில் அரைத்து வைப்பது எங்கள் பகுதி வழக்கம். அது குறைந்து, சந்தையில் மூட்டை வாயைத் திறந்து வைத்துத் தராசில் அள்ளித் தரும் தூளை வாங்குவோர் பெருகியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

உங்கள் விழிப்புணர்வு முகாம்களில் கண்ணாடித் தம்ளர் சோதனையைக் காட்டுகிறீர்கள். தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்காமல் விட்டால், நல்ல தூள் மெல்லிய மஞ்சள் நிறம் காட்டிக்கொண்டே அடியில் படியும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் அடர் மஞ்சளாகிவிடும். மிளகாய்த்தூளைத் தண்ணீரின் மேல் தூவினால், நீரில் கரையும் செயற்கைச் சாயம் உடனே சிவப்புக் கோடுகளாகக் கீழே இறங்கும். இது நல்ல சோதனைதான். ஆனால் இதில் தப்பிவிடும் சாயங்களைப் பற்றியும் அதே மேடையில் சொல்ல வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

மிளகாயில் சேர்க்கப்படும் சூடான் சாயங்கள் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் கரையாதவை. இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொருள்களில் சூடான் 1 கண்டறியப்பட்ட பிறகு, 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய் இறக்குமதிக்குச் சோதனைச் சான்றைக் கட்டாயமாக்கியது. அந்தச் சாயம் கலந்த தூளைத் தம்ளரில் தூவினால் கோடு எதுவும் இறங்காது. எண்ணெயில் போட்டுப் பார்ப்பதாலும் பயனில்லை. நல்ல மிளகாயின் இயற்கைச் சிவப்பும் எண்ணெயில்தான் இறங்கும். மஞ்சளுக்கு நிறமேற்றும் லெட் குரோமேட் என்னும் ஈயச் சேர்மமும் தண்ணீரில் கரைவதில்லை. விரலி மஞ்சளுக்கு மெருகேற்றும்போது அது மேலே பூசப்பட்டிருந்தால், முழுக்கிழங்கைத் தண்ணீரில் போட்டவுடன் நிறம் பிரியும். தூளாகிவிட்ட பிறகு கண்ணால் பிரித்தறிவது கடினம். சுண்ணாம்பு சேர்த்துச் சிவந்தால் அசல் மஞ்சள் என்று ஆரத்தி கரைக்கும் வீடுகளில் சொல்வதுண்டு. மஞ்சள் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்தச் சிவப்பு சாட்சி. பாதிக்குப் பாதி சாயம் கலந்த தூளும் சுண்ணாம்பில் சிவக்கத்தான் செய்யும்.

ஆகவே தூளைவிட, அது தூளாகும் இடத்தைப் பார்ப்பதே வாங்குபவருக்குப் பெரிய பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாயத்துக்குத் தேவை எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்: வெயில்பட்டு வெளுத்த பழைய மிளகாய், காம்போடும் உதிர்ந்த விதையோடும் சேர்த்து அரைத்த மிளகாய், இவற்றின் தூள் வெளிறித்தான் இருக்கும், அந்த வெளிறலை மறைக்கவே நிறம் சேர்க்கிறார்கள். காம்பு கிள்ளிய சம்பா மிளகாயை வாடிக்கையாளர் கண்முன் மிஷினில் கொட்டி, அரைத்த தூளை அங்கேயே ஆறவைத்துப் பையிலிடும் மில்லில் இந்த மறைப்புக்கு இடமில்லை. கும்பகோணம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மில்லில், அன்று அரைபடும் மிளகாயிலும் விரலி மஞ்சளிலும் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். விரலியை ஒடித்து உள்நிறம் பார்க்கலாம். மேல்தோல் பளபளத்து உள்ளே வெளிறியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பையில் அரைத்த தேதியும் தொகுதி எண்ணும் பதினான்கு இலக்க உரிம எண்ணும் இருக்கின்றன. அங்கே விலை கூடுதல்தான். அந்த விலை நியாயமானது.

இத்தகைய மில்களின் பெயர்ப் பட்டியலை வட்டவாரியாக நீங்கள் வெளியிட வேண்டும். மசாலாத் தூள்களைப் பொட்டலமிடாமல் விற்கக் கூடாது என்று விதி இருந்தும் மூட்டை வியாபாரம் சந்தைதோறும் நடக்கிறது. அதை நிறுத்த வேண்டும். தூள் மாதிரிகளைத் தஞ்சாவூர் உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பும்போது நீரில் கரையும் சாயங்களோடு நிறுத்தாமல் சூடானுக்கும் ஈயத்துக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பங்களாதேஷில் 2019-இல் சந்தைக்கே எக்ஸ்-கதிர்க் கைக்கருவியோடு போய், ஈயம் கலந்த மஞ்சளைப் பிடித்து அபராதம் விதித்தார்கள். அங்கே சந்தை மாதிரிகளில் 47 விழுக்காடாக இருந்த ஈயக் கலப்பு 2021-இல் பூஜ்யமானதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு எந்த நுகர்வோரும் கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். பொருள் சட்ட விதிகளுக்கு உட்பட்டதாக இல்லை என்று பகுப்பாய்வாளரின் அறிக்கை காட்டினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இந்த உரிமை இருப்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. கட்டணம் எவ்வளவு, எத்தனை கிராம் தூள் வேண்டும், எந்த அலுவலகத்தில் யாரிடம் கொடுப்பது என்பதை ஒவ்வொரு சந்தை நுழைவாயிலிலும் தமிழில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணம் வட்டத்து நுகர்வோர் ஒருவர்