தூளி ஸ்பிரிங்கும் இருபது ஆட்டமும்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள், பேத்திக்கு நாலு மாசம் ஆகிறது. மாங்காய் இந்த வருஷம் சுமார்தான்.

இப்போது எழுத உட்கார்ந்தது பேத்தியின் தூளி விஷயமாக. நடுக்கூடத்துக் கொக்கியில் ஸ்பிரிங் மாட்டி, சேலையில் தூளி கட்டியிருக்கிறோம். மகள் கொஞ்சம் ஓங்கி இழுத்துவிட்டால் போதும், "வேகமா ஆட்டாதேடி" என்பாள் அவள் அம்மா. "எப்படி இழுத்தாலும் ஒரே தாளத்திலதாம்மா ஆடுது" என்பாள் இவள். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதே பாடத்தை நடத்தியவன் நான், பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சேலையோடு சேர்த்து 8 கிலோ வருகிற மாதிரி கேழ்வரகு மூட்டை ஒன்றைத் தூளியில் வைத்தேன்.

முதலில் கணக்கு. பாரம் ஏற்றியதும் ஸ்பிரிங் 16 செ.மீ. நீண்டது. எடையை நீட்சியால் வகுத்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு k வந்துவிடும், அதையும் பாரம் m-ஐயும் T = 2π√(m/k) என்பதில் போட்டேன், T என்பது ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம். ஓர் ஆட்டத்துக்கு 0.80 விநாடி, இருபது ஆட்டத்துக்கு 16 விநாடி வரவேண்டும். ஸ்டாப்வாட்ச் 18.2 காட்டியது. மறுபடி எண்ணினேன், அதே 18.2. இரண்டு விநாடிக்கு மேல் தவறுகிற அளவுக்கு என் கை தடுமாறாது.

ராத்திரி படுத்த பிறகுதான் பொறி தட்டியது. தூளி ஸ்பிரிங்கின் சுருள்களை ஒன்றோடொன்று நெருக்கி, இறுக்கத்தோடு சுற்றியிருப்பார்கள். கொஞ்சம் பாரம் ஏறும்வரை அது வாயே திறக்காது. ஆகவே மொத்த எடையை மொத்த நீட்சியால் வகுத்தது தப்பு. கூடுதல் எடைக்குக் கூடுதல் நீட்சி எவ்வளவு என்றுதான் பார்க்கவேண்டும். காலையில் இன்னும் 2 கிலோ கேழ்வரகு வைத்தேன், 5 செ.மீ. இறங்கியது. 19.6 நியூட்டனை 0.05 மீட்டரால் வகுத்தால் k = 392. இப்போது 8 கிலோவுக்கு T 0.898 விநாடி, இருபது ஆட்டத்துக்கு 17.95. மீதிக் கால் விநாடி ஸ்பிரிங்கின் சொந்த எடையால் வருவது. மேல்முனை அசையாது, கீழ்முனை முழுசாக ஆடும், அதனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைப் பாரத்தோடு சேர்க்கவேண்டும். ஸ்பிரிங் 600 கிராம் இருந்தது, 200 கிராம் சேர்த்தேன். 18.2 வந்து உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

இனி மகளின் வழக்கு. 3 செ.மீ. இழுத்துவிட்டேன், பிறகு 9 செ.மீ. இழுத்துவிட்டேன். இரண்டுக்கும் 18.2தான். காரணம் இது: மூன்று மடங்கு இழுத்தால் ஸ்பிரிங் திருப்பி இழுக்கும் விசையும் மூன்று மடங்கு. அப்படியானால் முடுக்கமும் மூன்று மடங்கு, எந்த நொடியில் பார்த்தாலும் வேகமும் மூன்று மடங்கு. போகவேண்டிய தூரமும் அதே மூன்று மடங்குதானே? ஓசூரிலிருந்து ஒரு பஸ், பர்கூரிலிருந்து ஒரு பஸ், இரண்டும் கிருஷ்ணகிரிக்குக் கிளம்புகின்றன. தூரம் எத்தனை மடங்கோ வேகமும் அத்தனை மடங்கு என்றால் ரெண்டும் ஒரே நேரத்தில்தான் ஸ்டாண்டுக்குள் நுழையும். விசை நீட்சியோடு நேர்விகிதத்தில் ஏறுவதுதான் இதற்கு அடிப்படை. ஹூக் 1678-இல் அச்சில் சொன்ன விதி அதுவே. ரப்பர் பட்டையில் கட்டிப் பார், அங்கே விசை அப்படி ஒரே சீராக ஏறாது, நேரமும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

ஆனால் வீட்டுக்காரி சொன்னதும் பொய்யில்லை. தாளம் மாறாவிட்டாலும் நடுவில் கடக்கும் வேகம் மாறுகிறது. 3 செ.மீ.க்கு விநாடிக்குச் சுமார் 21 செ.மீ., 9 செ.மீ.க்குச் சுமார் 62. குழந்தைக்குத் தெரிவது அந்த வேகம்தான். 16 செ.மீ.க்கு மேல் இழுத்தால் இன்னும் மோசம். மேலே போகும்போது சுருள்கள் "டக்"கென்று மூடிக்கொள்ளும், சேலை தொய்ந்துவிடும், திரும்ப விழுகையில் வெடுக்கென்று இழுக்கும். அந்த இடத்தில் நம் சூத்திரமும் நின்றுவிடுகிறது. மூட்டையை வைத்து ஒருதரம் செய்து காட்டினேன். மகள் முகம் வெளுத்துப்போய், அன்றிலிருந்து விரலால்தான் தள்ளுகிறாள்.

பொங்கலுக்கு நீ வரும்போது குழந்தை இன்னும் இரண்டு கிலோ ஏறியிருப்பாள். இருபது ஆட்டத்துக்கு 20.3 விநாடி வரும் என்று கணக்குப் போட்டு, காலண்டர் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்டாப்வாட்சை நீ பிடி, நான் எண்ணுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்